ஏழு வயது எந்த வரியில் இருக்கிறது?

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், முழங்காலை விட்டுவிட்டால் அத்தையும் நலம், வாஷிங் மெஷின் மட்டும் நலமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பது நீ அனுப்பிய ஆறு போட்டோக்களிலேயே தெரிந்துவிட்டதால் அதைக் கேட்கவில்லை, ஆனால் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கிறேன், போன மாதம் வீடியோவில் பார்த்தபோது கன்னத்து எலும்பு ஸ்க்ரூடிரைவர் பிடி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. அத்தை தினமும் ஒரு தடவையாவது உன் பேச்சை எடுக்கிறாள், எடுத்ததும் என்னைத் திட்டுகிறாள், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. மேல்மாடி பாட்டு டீச்சர் புதிதாக நான்கு பேரைச் சேர்த்திருக்கிறார், நான்கு பேருக்கும் சுருதி சேரவில்லை, விடுமுறை நாளில்கூட எட்டு மணிக்கு மேல் தூங்க முடிவதில்லை. வாஷிங் மெஷினைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். இருபது மாடிக் கட்டடத்தின் லிஃப்டைச் சரிபார்ப்பவன் சொந்த வீட்டு மெஷினை மூன்று வாரமாகத் தரையில் பரப்பி வைத்திருக்கிறானே என்று அத்தை தெருவுக்கே சொல்லிவிட்டாள். பாகம் வரவில்லை, நான் என்ன செய்வது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நான் கத்துவேன், நீ “சரிப்பா” என்பாய், அந்த “சரிப்பா”வுக்கு அர்த்தம் “வைங்கப்பா” என்பது எனக்குத் தெரியாதா. அதனால் எழுதுகிறேன், கூரியரில் போடுகிறேன், மூன்று நாளில் வந்துவிடும், முழுக்கப் படி, பாதியில் மடித்துத் தலையணைக்கு அடியில் வைக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை நான் லிஃப்ட் குழிக்குள் நின்று பஃபர் ஸ்பிரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உன் செய்தி வந்தது. விடைத்தாள் நகலை வாங்கி, கேள்வித்தாளையும் சேர்த்து ஆறு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, கீழே “பாருங்கப்பா, பதினஞ்சுக்கு மூணு மார்க்காம், வாக்குமூலக் கவிதைன்னாலே கவிஞர் தன்னைப் பத்தி எழுதுறதுதானே, அதைத்தான் எழுதினேன், இவங்களுக்கு எதைப் படிச்சுக் காட்டினாலும் தப்பு, மறுதேர்வும் எழுத மாட்டேன் ஒண்ணும் எழுத மாட்டேன், இருபத்தஞ்சாம் தேதிக்கு டிக்கெட் போட்டாச்சு, வீட்டுக்கு வர்றேன்” என்று எழுதியிருந்தாய். ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய், ஒரு முற்றுப்புள்ளி இல்லை. தேறுவதற்கு முப்பது வேண்டும், நீ எடுத்தது இருபத்தாறு. நாலு மார்க். நாலு மார்க்குக்காக இரண்டு வருடப் படிப்பைத் தூக்கிப் போடுகிறாய். இந்தத் தாள் பாக்கி இருந்தால் மூன்றாம் ஆண்டுக்குள் விட மாட்டார்கள், விடுதி இடமும் போய்விடும், இதெல்லாம் உனக்கே தெரியும், தெரிந்தும் டிக்கெட் போட்டிருக்கிறாய், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஆனால் முதலில் நான் உன் கட்சிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். குழியை விட்டு மேலே ஏறி, கையைத் துடைத்துக்கொண்டு, நேரே உன் துறைக்குப் போன் போட்டேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் “ஐயோ அப்பா” என்பாய். தாளைத் திருத்திய அம்மாவையே பேசச் சொல்லி இணைத்துவிட்டார்கள். என் குரலைக் கேட்டதும் “நீங்க அவங்க அண்ணனா?” என்றார். முப்பத்தொன்பது வயதில் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அப்பாவாக இருப்பது என்னவோ நான் செய்த மோசடி மாதிரி எல்லோரும் ஒரு தடவை கேட்டுவிடுகிறார்கள். அப்பாதான் என்றேன். “மார்க்கைப் பத்திப் பேச எனக்கு அனுமதி இல்ல சார், கவிதையைப் பத்தின்னா பேசலாம், அடுத்த வகுப்புக்குப் பத்து நிமிஷம் இருக்கு” என்றார். நான் விட்டேனா. வாக்குமூலம் என்று நீங்களே பெயர் வைப்பீர்கள், கொடுத்தவர் சொன்னதை ஒரு பிள்ளை நம்பினால் மார்க்கைப் பிடுங்குவீர்களா, இது என்ன நியாயம் என்று கேட்டேன். அந்த அம்மா கோபப்படவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். “அந்தப் பேரை எழுதினவங்க வைக்கல சார், படிச்சு விமர்சனம் பண்ணவங்க வச்சது. போலீஸ்ல வாக்குமூலம் கொடுக்கிற யாராவது வரியை எங்கே உடைச்சா நல்லாருக்கும்னு யோசிப்பாங்களா?” என்றார்.

அப்படியானால் அந்தக் கவிஞர் பொய் சொல்கிறாரா என்று கேட்டேன். “பொய்னு யார் சார் சொன்னா? சொந்த வாழ்க்கையிலேர்ந்து கொஞ்சம் எடுத்திருக்கலாம், முக்காவாசி எடுத்திருக்கலாம். எவ்வளவுன்னு கவிதையை மட்டும் வச்சு நம்மால சொல்ல முடியாது. சொல்ல முடியாததை அடிச்சுச் சொன்னாத்தான் மார்க் போகுது” என்றார். கவிதைக்குள் நான் நான் என்று பேசும் ஆளைக் கவிதைசொல்லி என்று சொல்ல வேண்டுமாம். கவிஞர் செய்து வைத்த ஆள் அது. தன் சொந்தத் துணியில் வெட்டித் தைத்ததாகவே இருந்தாலும் அது தைத்தது, தோல் இல்லை. ஒளிக்க வேண்டியதையெல்லாம் ஒளிக்காமல் கொட்டுகிறாரே என்று நமக்குத் தோன்றுகிறதே, அந்தத் தோற்றத்தைத்தான் அவர் பாடுபட்டு உண்டாக்கியிருக்கிறார், அது எப்படி உண்டாகிறது என்று எழுதினால்தான் மார்க் என்றார். இதைக் கேட்டுவிட்டு இன்னும் சில பிள்ளைகள் அந்தக் கோடிக்கு ஓடிவிடுமாம், இந்தக் கவிதைக்கும் கவிஞருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று எழுதி வைக்குமாம், அதற்கும் மார்க் கிடையாதாம். இது நிஜமாக இருக்குமோ இருக்குமோ என்று படிப்பவரைத் தவிக்க வைப்பதில்தான் இந்த வகைக் கவிதையின் பலமே இருக்கிறதாம். நெருக்கமாகத் தெரிகிறது என்று எழுதலாம், வாழ்க்கையை நினைவூட்டுகிறது என்று எழுதலாம், இதுதான் அவர் வாழ்க்கை என்று மட்டும் எழுதக் கூடாது. பத்து நிமிடம் முடிந்ததும் டக்கென்று வைத்துவிட்டார். மூன்று மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

எனக்கு இது உடனே ஏறவில்லை, ஒத்துக்கொள்கிறேன். மறுநாள் வேலையில்தான் ஏறியது. எங்கள் மெஷின் ரூமில் இருக்கும் சர்வீஸ் புத்தகத்தை நீ பார்த்திருக்கிறாய், சின்ன வயதில் அதில் பூனை வரைந்து எனக்கு மெமோ வாங்கிக் கொடுத்தவள்தானே. அதை எழுதுவதற்கு எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கிரீஸ் படாத கை யாருடையதோ அவன்தான் எழுதுவான், ஆனால் “நான் பிரேக்கைச் சரிபார்த்தேன், நான் கயிற்றின் இழுவையை அளந்தேன்” என்று எல்லாவற்றையும் நான் என்றே எழுதுவான். செய்தவன் வேறு, எழுதும் கை வேறு, எங்களுக்கு அது பழகிப்போனது. புதிதாக வந்திருக்கும் மேற்பார்வையாளருக்கு அது தெரியாது. வெள்ளிக்கிழமை எங்கள் குழுவின் சோடாபுட்டியைக் கூப்பிட்டு, ஏழாம் தேதி பிரேக்கைத் தளர்வாக விட்டது நீதானே, உன் கையெழுத்தில் நான் என்று இருக்கிறதே என்று கத்து கத்தென்று கத்தினார். பாவம், அன்றைக்கு அவன் ஜலதோஷத்தோடு மூலையில் உட்கார்ந்து வெறும் பேனா மட்டும் பிடித்தவன். “சார், அந்த நான் நான் இல்ல சார்” என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சொல்கிறான், அவர் காதில் ஏறவே இல்லை. பக்கத்தில் நின்ற எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், என் பெண்ணும் இதைத்தானே செய்து வைத்திருக்கிறாள் என்ற எரிச்சல் ஒரு பக்கம். கடைசியில் அந்த பிரேக்கில் கை வைத்தது நான்தான் என்று நானே சொல்லி, எனக்கு ஒரு மெமோ, அதை விடு. எங்கள் புத்தகத்து நான் சோம்பேறித்தனத்தில் வந்தது, கவிதையின் நான் யோசித்துச் செய்தது, இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. பக்கத்தில் நான் என்று இருப்பதால் மட்டும் பேனா பிடித்தவனின் சட்டையைப் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் உன் விடைத்தாளை பிரிண்ட் எடுத்து ஒழுங்காகப் படித்தேன். பழுது வந்த லிஃப்டை எப்படிப் பார்ப்பேனோ அப்படியே பார்த்தேன், முதலில் வரைபடம், பிறகு மெஷின். கேள்வித்தாளில் இருந்த கவிதையை என் கையால் எழுதிப் பார்த்தேன், உனக்காக இங்கேயும் எழுதுகிறேன், தேர்வு அறையின் பயமில்லாமல் இன்னொரு தடவை படி:

அம்மா போன காலையில்
நான்தான் தாழ்ப்பாள் போட்டேன்.
வெளியே மழை. குடை உள்ளே.
ஒற்றைப் பிள்ளைக்கு
ஒரே வேலை: கதவு.
அப்பா தைத்துக்கொண்டிருந்தார்.
தையல் மெஷின் நிற்கவில்லை.
ஒருமுறை தட்டினாள்.
நான் எண்ணினேன்.
இன்றும் எண்ணுகிறேன்:
ஒன்று.
ஒன்று.
ஒன்று.

இதற்குக் கீழே இரண்டு வரிக் குறிப்பு அச்சாகியிருக்கிறது, அதைப் படித்தாயா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். கவிஞர் ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவர், தந்தை தபால்காரர், இந்தக் கவிதையை எழுதும்போது அவர் தாயுடன் ஒரே வீட்டில் வாழ்ந்துவந்தார். அடியே, இதைவிட ஒரு மனுஷி என்ன செய்வாள்? ஒற்றைப் பிள்ளை எங்கே, ஐந்தில் மூன்றாவது எங்கே? தையல்காரர் எங்கே, தபால்காரர் எங்கே? வரைபடத்தில் மூன்று வயர், பெட்டியைத் திறந்தால் மூன்றும் வேறு நிறம், அப்படியும் இது அதேதான் என்று மூடி போட்டு வந்திருக்கிறாய். “கவிஞர் தன் தாயை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்” என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தாய் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறாள்! கவிஞர் என்ற சொல்லைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு எண்ணினேன், ஒன்றரைப் பக்கத்தில் பதினான்கு இடம். கவிதைசொல்லி என்பது ஒரே ஒரு இடம், அதையும் அடித்துவிட்டுக் கவிஞர் என்று மாற்றியிருக்கிறாய். சரியான வயரைக் கையில் பிடித்துவிட்டுப் பிடுங்கிப் போட்டிருக்கிறாய், அதைப் பார்த்ததும் நான் போட்ட சத்தத்தில் அத்தை சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

கேள்வி என்ன? இக்கவிதையில் குற்றவுணர்வு எவ்வாறு உருவாக்கப்படுகிறது. எவ்வாறு. இந்த லிஃப்ட் எப்படி மேலே போகிறது என்று கேட்டால் லிஃப்டின் சொந்தக்காரர் யார், அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று பதில் எழுதியிருக்கிறாய். எனக்குக் கவிதை தெரியாது, ஆனால் எது எதை இழுக்கிறது என்று பார்க்கத் தெரியும், நான் பார்த்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் உன் டீச்சரிடம் கேட்டுக்கொள். நான்தான் என்று இரண்டாவது வரியில் ஒரு தான் இருக்கிறது, கேட்கும் முன்னாலேயே பழியை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்கிறது அந்தப் பிள்ளை. குடை உள்ளே என்பது இரண்டே சொல், அம்மா நனைகிறாள் என்று சொல்லவே இல்லை, நாமே நனைத்துக்கொள்கிறோம். எண்ணினேன் என்று முடிந்துபோன காரியம் அடுத்த வரியில் எண்ணுகிறேன் என்று இன்றைக்கு வந்துவிடுகிறது, அங்கேயே மாட்டிக்கொள்கிறது, ஒன்றைத் தாண்டி இரண்டுக்குப் போக முடியவில்லை, கதவு திறந்திருந்தால்தானே இரண்டு. இதையெல்லாம் எழுதியிருந்தால் மார்க் கொடுக்காமல் எங்கே போவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதில்தான் நான் நின்றுவிட்டேன். தையல் மெஷின் நிற்கவில்லை என்று ஒரு வரி. மெஷின்காரன் என்பதால் எனக்கு அது உறுத்தியது. தையல் மெஷின் தானாக ஓடாது. ஒருவர் கால் மிதித்தால்தான் ஓடும், காலை எடுத்தால் நின்றுவிடும். அப்படியானால் அந்த வீட்டில் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்ட பிறகும் ஒரு பெரிய மனிதன் வேண்டுமென்றே மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறான். கவிதைசொல்லி அதைச் சொல்லவில்லை, அவள் பாட்டுக்கு நான்தான் நான்தான் என்கிறாள். கவிதை சொல்கிறது. அவளுக்குத் தெரியாமல் அவள் முதுகுக்குப் பின்னால் அந்த மெஷினை ஓடவிட்டு, படிப்பவரைப் பார்க்க வைக்கிறது. பேசும் ஆளும் எழுதிய ஆளும் ஒன்று என்று ஒட்டிவிட்டால் இந்த இடைவெளி அடைபட்டுப் போகும், அவள் குற்றவாளி என்று அவளே சொல்லிவிட்டாள், முடிந்தது வழக்கு என்று ஆகிவிடும். நீ அதைத்தான் செய்தாய். உன் ஒன்றரைப் பக்கத்தில் அந்த அப்பா ஒரு இடத்தில்கூட இல்லை. அந்த மெஷின் இல்லை. தாழ்ப்பாள் மட்டும்தான் இருக்கிறது.

இப்போது கேள், இதற்காகத்தான் கடிதமே. உன் தாளில் இரண்டாம் பக்கம் மேலே ஒரு வாக்கியம்: “ஏழு வயதில் தாயா தந்தையா என்று தேர்ந்தெடுத்த கவிஞர், தாயைத் தள்ளிவிட்ட குற்றத்தை ஆயுள் முழுதும் சுமக்கிறார்.” பக்கத்தில் தாளைத் திருத்திய அம்மா சிவப்பில் “கவிதையில் எங்கே?” என்று எழுதியிருக்கிறார். நானும் தேடினேன். பதின்மூன்று வரியையும் விரல் வைத்துத் தேடினேன், குறிப்பையும் தேடினேன். ஏழு என்ற எண் எங்கேயும் இல்லை. வயதே இல்லை. தேர்ந்தெடுக்கச் சொல்லி யாரும் யாரையும் கேட்கவில்லை. நீ கற்பனையாக எழுதி ஒப்பேற்றினாய் என்று அந்த அம்மா நினைத்திருப்பார். எனக்குத் தெரியுமே அந்த ஏழு யாருடையது என்று. முதலில் கவிதைசொல்லியைக் கவிஞர் ஆக்கினாய், அது எல்லாப் பிள்ளைகளும் செய்வது, அதற்கு மூன்று மார்க் சரிதான். அதற்கு மேலே ஒரு படி ஏறி அந்தக் கவிஞரை நீயாகவே ஆக்கிவிட்டாய், அது உனக்கே தெரிந்திருக்காது. வாக்கியத்தைப் படித்த அன்றைக்கு நான் மதியத்துக்குச் சாப்பிடவில்லை, அத்தை கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

உன் அம்மா வீட்டை விட்டுப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று தெரியாது, எனக்கு முழுக்க நினைவிருக்கிறது. முன்னறையில் உன்னை நாற்காலியில் உட்கார வைத்து, உன் கால் தரையில் படவில்லை, அத்தைதான் கேட்டாள், “யார்கிட்ட இருக்கப் போறே தங்கம், அம்மாகிட்டயா அப்பாகிட்டயா?” என்று. அம்மா பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், அது பாதியில் மாட்டிக்கொண்டது. நீ என்னைப் பார்த்தாய், “அப்பாகிட்ட” என்றாய். அம்மா நிமிரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. நீ சொன்னதால்தான் அவள் தனியாகப் போனாள் என்று பன்னிரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய், இல்லையா? அவளோடு போனில் “சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி” என்பதைத் தாண்டி நீ பேசியதே இல்லை. கோபம் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

உண்மை இதுதான், வாலு. அந்தக் கேள்விக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நீ பள்ளிக்கூடம் மாற வேண்டாம், என்னிடம் இரு, விடுமுறைக்கு அவளிடம் போ என்று நானும் அவளும் உட்கார்ந்து பேசி, வக்கீல் அறையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. அவளுக்குக் கிடைத்த வேலையில் மூன்று பேருக்கு ஒரு அறைதான் கொடுத்தார்கள், பிள்ளையை வைத்துக்கொள்ள வழியில்லை. அந்தத் தாளின் நகல் இதோடு வைத்திருக்கிறேன், தேதியைப் பார், பதினொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை முப்பது. பத்தொன்பது நாள் வித்தியாசம். நீ அன்றைக்கு “அம்மாகிட்ட” என்று சொல்லியிருந்தாலும் என்னிடம்தான் இருந்திருப்பாய். உன் பதிலால் ஒரு கதவும் மூடவில்லை. அத்தைக்கு அந்தக் கையெழுத்து தெரியாது, அவள் ஏதோ பெரிய மனுஷி மாதிரி கேட்டுவிட்டாள், அவளைக் குறை சொல்லாதே. எனக்குத் தெரியும். அக்கா, அதெல்லாம் பேசி முடிச்சாச்சு, குழந்தையை ஏன் கேட்கிறே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குக் கேட்க வேண்டியிருந்தது. இருபத்தேழு வயது, பெண்டாட்டி போகிறாள், ஊரெல்லாம் என்னையே பார்க்கிறது, என் பெண் என் பெயரைச் சொன்னால் போதும் என்று இருந்தது. சொன்னாய். சந்தோஷப்பட்டேன். அதோடு விட்டேனா, அதற்குப் பிறகு எத்தனை பேரிடம், உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ஏழு வயசுல இவளே என்னைத்தான் தேர்ந்தெடுத்தா என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சோடாபுட்டிக்கே பத்து தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் நீ எழுந்து உள்ளே போய்விடுவாய், கூச்சம் என்று நினைத்தேன். உன் விடைத்தாளில் ஏழு என்று எழுதியது நீ இல்லை, நான்தான் சொல்லிச் சொல்லி எழுத வைத்தேன்.

நேற்று உன் அம்மாவுக்குப் போன் செய்தேன், வருடக்கணக்கில் இல்லாத அளவுக்கு நீளமாகப் பேசினோம், நடுவில் இரண்டு தடவை சண்டையும் போட்டோம். உன்னிடம் அவளே சொல்கிறாளா என்று கேட்டதற்கு, “நான் சொன்னா பிள்ளையைச் சமாதானப்படுத்துற மாதிரி ஆகிடும், நீங்கதான் எழுதணும், உங்க கையெழுத்துல” என்றாள். “அவ அன்னிக்கு என்ன சொன்னாங்கிறதே எனக்குச் சரியாக் காதுல விழல, அந்த ஜிப்பு ஒரு பக்கம்” என்றும் சொன்னாள். அது நிஜமா, உனக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. நீயே கேட்டுக்கொள். அவள் நம்பர் மாறவில்லை.

இனி வேலையைப் பார். மறுதேர்வு விண்ணப்பம் இருபதாம் தேதி மாலை ஐந்து மணி வரைதான், இந்தக் கடிதம் பதினெட்டாம் தேதி உன் கைக்கு வரும், இரண்டு நாள் இருக்கிறது, கடைசி நாள் கூட்டத்தில் போய் நிற்காதே, போட்டோ மறக்காதே, பழைய சிவப்புச் சட்டைப் போட்டோவை ஒட்டாதே, அதில் திருடி மாதிரி இருக்கிறாய். டிக்கெட்டை ரத்து செய். தேர்வில் இதே மாதிரி கவிதை வந்தால் கவிதைசொல்லி என்று எழுது, சொல்லுக்குச் சொல் எந்த வரியில் என்று காட்டு, வரியில் இல்லாததை எழுதாதே. உன்னைப் பற்றி எழுத வேண்டியது இருந்தால் அதற்குத் தேர்வுத்தாள் இடமில்லை, எனக்கு எழுது, திட்டியே எழுது, நான் தாங்கிக்கொள்வேன், இல்லையென்றாலும் தாங்கித்தான் ஆக வேண்டும். எல்லாம் முடித்துவிட்டு அப்போதும் படிப்புப் பிடிக்கவில்லை என்றால் வா, கதவைத் திறக்கிறேன். ஆனால் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை மாதிரி வராதே, அப்படி வந்தால் உள்ளே விட மாட்டேன், அத்தை விட்டுவிடுவாள், அது வேறு.

குளிரும் இடத்தில் ஈரத் தலையோடு வெளியே போகாதே, ராத்திரி ஒரு டம்ளர் பாலாவது குடி. நன்றாக இரு, நிமிர்ந்து நட, நூறு வருடம் சண்டைக்காரியாகவே இரு. அத்தையும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன், எழுந்து போய் வாஷிங் மெஷின் பாகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். இதில் எங்கெல்லாம் நான் என்று வருகிறதோ அங்கெல்லாம் யார் என்று நீ யோசிக்க வேண்டாம். இது கவிதை இல்லை. உறையில் முகவரி இருக்கிறது, தேதி இருக்கிறது, சாட்சிக்குத் தாள் இருக்கிறது, கீழே கையெழுத்தும் போடுகிறேன்.

இப்படிக்கு,
நானேதான்,
உன் அப்பா